நுழைவது எளிது, வெளியேறும் நேரம்தான் முறை

எங்கள் வாழைச்சேனைப் பக்கம் கைப்பேசியில் விலைக்கோடுகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் பொடியன்கள் இப்போது கூடிவிட்டார்கள். அவர்களில் பலர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "அண்ணன், ஓப்பனிங் ரேஞ்ச் உடைஞ்சால் வாங்கினால் சரிதானே? அதை வைச்சு உழைக்க ஏலாதா?" கேள்வி நல்லது. ஆனால் அது முறையின் முதல் வரியோடு நின்றுவிடுகிறது. எப்போது உள்ளே போவது என்று எல்லோரும் கேட்கிறார்கள். எந்த நேரத்தில் வெளியே வருவது, ஒரு நாளில் எவ்வளவு போனால் நிறுத்துவது என்று கேட்பவர் குறைவு. இந்த முறையைத் தாங்கிப் பிடிப்பவை அந்த இரண்டும்தான். அவற்றுக்கும் முன்னால் கேட்கவேண்டியது ஒன்று உண்டு. இந்தச் சந்தையில், இந்தப் பங்கில், காலை வீச்சு என் செலவைத் தாங்குமா என்பது அது. அதனால் முழுவதையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். உதாரணங்களை இந்தியாவின் தேசியப் பங்குச் சந்தையிலிருந்து எடுக்கிறேன். எனக்கு அங்கே கணக்கு இல்லை. கோயம்புத்தூரில் இருக்கும் நண்பர் ஒருவர் இந்த முறையில் வியாபாரம் செய்கிறார். விதிகளைச் சோதிப்பதிலும் பதிவேட்டைப் பார்ப்பதிலும் நான் அவரோடு சேர்ந்திருக்கிறேன். இரண்டு நாட்டுக்கும் கடிகாரம் ஒன்றே என்பதால் அவருடைய காலை 9.15 எனக்கும் 9.15 தான். கொழும்புச் சந்தையில் இதே முறை என்ன ஆகும் என்பதைப் பின்னால் தனியே கணக்குப் போடுகிறேன்.

தொடக்க வீச்சு எங்கிருந்து வருகிறது

தேசியப் பங்குச் சந்தை வழக்கமான வியாபாரத்துக்கு 9.15க்குத் திறக்கிறது, மாலை 3.30க்கு மூடுகிறது. திறப்பதற்கு முன் 9 மணியிலிருந்தே ஓர் ஏலம் நடக்கும். இரவில் சேர்ந்த செய்திகளையும் முந்தைய நாளில் முடியாமல் போன ஆசைகளையும் சுமந்துகொண்டு வாங்குபவர்களும் விற்பவர்களும் விலை கேட்பார்கள். அதிகப் பங்குகள் கைமாறக்கூடிய ஒரு விலையில் சந்தை திறக்கும்.

எங்கள் மீன்பிடித் துறைமுகத்தில் ஆழ்கடல் படகு வந்து முதல் சில கூறுகள் ஏலம் போவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். முதல் கூறு ஒரு விலைக்குப் போகும், அடுத்தது கொஞ்சம் ஏறியோ இறங்கியோ போகும். நாலைந்து கூறு முடிவதற்குள் இன்றைய விலை எந்த எல்லைக்குள் நிற்கிறது என்று வியாபாரிகளுக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு அந்த எல்லையைத் தாண்டி ஒருவர் விலை கேட்டால், அவருக்கு மீன் உண்மையாகவே தேவைப்படுகிறது என்று பொருள்.

பங்கிலும் முதல் 15 நிமிடத்தில் போன உச்ச விலையும் தாழ்ந்த விலையும்தான் தொடக்க வீச்சு. 9.30க்குப் பிறகு உச்சத்தை விலை தாண்டினால் வாங்கவேண்டும். தாழ்வை உடைத்தால் விற்றுவிட்டுப் பின்னர் வாங்கி அடைக்கவேண்டும். டோபி கிரேபெல் என்ற அமெரிக்க வணிகர் 1990இல் எழுதிய புத்தகம் இந்த எண்ணத்தைப் பரவலாக்கியது. அவர் காலத்திலிருந்து இன்றுவரை மையக் கருத்து மாறவில்லை: காலையில் ஒரு பக்கம் தேவை உண்மையாகவே மிஞ்சியிருந்தால், அது ஒரே அடியில் தீராது, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவரும். பெரிய நிதியங்கள் தங்கள் கட்டளைகளைச் சிறு துண்டுகளாக்கித்தான் வாங்குகின்றன. முறைக்கான காரணம் இதுதான். அமெரிக்கச் சந்தையில் முதல் அரைமணி நேரம் நகர்ந்த திசை கடைசி அரைமணி நேரத்தின் திசையை ஓரளவு காட்டுகிறது என்று 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வும் இதே பக்கம்தான் நிற்கிறது.

இந்தக் காரணத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற விதிகள் தாமாகவே வரும். தேவை மிஞ்சியிருக்கிறது என்பது ஓர் ஊகம். ஊகம் சரியானால் விலை சீக்கிரமே நமக்குச் சாதகமாக நகரவேண்டும். நகராவிட்டால் ஊகம் காலாவதி ஆகிவிட்டது. அப்போது வெளியேற விலை நமக்கு எதிராக வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

நண்பரின் விதிகள்

9.30க்கு வீச்சைக் குறித்துக்கொள்வார். அந்தப் பங்கு கடந்த இரண்டு மூன்று வாரத்தில் ஒரு நாளில் சராசரியாக எவ்வளவு ஏறி இறங்கியது என்று பார்ப்பார். அதில் பாதிக்கு மேல் முதல் 15 நிமிடத்திலேயே நடந்துவிட்டிருந்தால் அந்தப் பங்கை அன்று தொடமாட்டார். ஓடவேண்டிய தூரம் ஏற்கெனவே ஓடி முடிந்துவிட்டது என்பது அதன் பொருள். வீச்சு மிகச் சிறியதாக இருந்தாலும் விட்டுவிடுவார். அந்தக் காரணம் செலவோடு சம்பந்தப்பட்டது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

உச்சத்தைத் தாண்டியதும் வாங்குவார். ஸ்டாப், அதாவது நட்டத்தோடு வெளியேறும் விலை, வீச்சின் மறுமுனையில் இருக்கும். புதிதாக நுழைவது காலை 11 மணிவரை மட்டும். நடுப்பகலில் வியாபார அளவு குறைந்துவிடும். அப்போது வீச்சை உடைப்பதற்குப் பெரிய தேவை எதுவும் வேண்டியதில்லை, கொஞ்சப் பேர் வாங்கினாலே விலை தாண்டிவிடும். அதனால் 12.30க்கு வரும் உடைப்புக்குக் காலை 9.45க்கு வரும் உடைப்பின் பொருள் இல்லை.

வெளியேறுவதற்கு நேர விதிகள் இரண்டு. நுழைந்து 45 நிமிடத்துக்குள், வீச்சின் பாதி அளவு தூரமாவது விலை ஒரு தடவை சாதகமாகப் போயிருக்கவேண்டும். போகாவிட்டால், சிறிய லாபமோ சிறிய நட்டமோ, வெளியே வந்துவிடவேண்டும். அந்தச் சோதனையைத் தாண்டிய வியாபாரத்தை 3.10வரை வைத்திருக்கலாம். அதற்கு இலக்கு விலை கிடையாது. 3.10க்கு எந்த விலையானாலும் முடித்துவிடுவார். ஒரே நாளில் முடிக்கவேண்டிய நிலைகளைப் பல தரகர்கள் 3.20 அளவில் தாங்களே அடைத்துவிடுவார்கள், அதற்குத் தனிக் கட்டணமும் வாங்குவார்கள். அந்த நேரத்தில் எல்லோருடைய கட்டளையும் ஒன்றாகப் பாய்வதால் கிடைக்கும் விலையும் நல்லதாக இருக்காது.

இலக்கு விலை ஏன் இல்லை என்று பலர் கேட்பார்கள். இந்த முறையில் பெரும்பாலான நாட்களில் சிறிய நட்டம், அல்லது ஒன்றுமில்லை. சில நாட்களில் மட்டும் விலை காலையிலிருந்து மாலைவரை ஒரே பக்கம் போகும். அந்தச் சில நாட்கள்தான் மற்ற நாட்களின் செலவைக் கட்டுகின்றன. இலக்கு வைத்து அவற்றைப் பாதியில் வெட்டினால், நட்டங்கள் முழு அளவில் நிற்கும், லாபங்கள் மட்டும் குட்டையாகிவிடும்.

ஒரு காலையின் கணக்கு

எண்கள் இல்லாமல் இது விளங்காது. விலைகள் உதாரணத்துக்காக நான் வைத்தவை. கட்டணங்கள் அங்குள்ள தள்ளுபடித் தரகர்களின் வழக்கமான அளவில் போட்டவை.

முதல் 2 இலட்சம் இந்திய ரூபாய். ஒரு வியாபாரத்தில் இழக்கத் தயாரான தொகை 1,000. ஒரு நாளில் இழக்கக்கூடிய எல்லை 2,000, அதாவது முதலில் ஒரு சதவீதம். இந்த 2,000க்குள் தரகுக்கூலி, வரி எல்லாம் அடக்கம்.

முதல் பங்கின் தொடக்க வீச்சு 500 முதல் 504வரை. வீச்சு 4 ரூபாய். 1,000ஐ 4ஆல் வகுத்தால் 250 பங்கு. 9.42க்கு உச்சம் உடைகிறது. வாங்க நினைத்தது 504, கிடைத்தது 504.10. விலை வேகமாக நகரும்போது இப்படிப் பத்துப் பைசா வழுவல் வருவது வழக்கம். 9.58க்கு விலை திரும்பி 500ஐத் தொடுகிறது. விற்ற விலை 499.90. ஒரு பங்குக்கு 4.20 நட்டம், 250 பங்குக்கு 1,050. வாங்கும்போதும் விற்கும்போதும் 20 ரூபாய் தரகு, விற்பனையில் 0.025 சதவீதப் பங்கு வரி, முத்திரை வரி, சந்தைக் கட்டணம், அவற்றின் மேல் ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 90 ரூபாய். ஆக 1,140 போய்விட்டது.

பலருக்கு எல்லை உடைவது இந்த இடத்தில்தான். "ஒரு நாளைக்கு 2,000, ஒரு வியாபாரத்துக்கு 1,000, ஆக இரண்டு தடவை தோற்கலாம்" என்று அவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் 1,000 என்று திட்டமிட்ட நட்டம் 1,140ஆக வந்திருக்கிறது. அடுத்ததும் அப்படியே வந்தால் 2,280. எல்லையைத் தாண்டிய பிறகுதான் எல்லை தாண்டியது தெரியவரும். நாளின் நட்ட எல்லையை நட்டம் வந்த பிறகு பார்த்துப் பயனில்லை. ஒவ்வொரு புதிய கட்டளையையும் போடுவதற்கு முன்னால் அதைப் பார்க்கவேண்டும். நண்பரின் சிறிய நிரலில் இந்த விதி இப்படி இருக்கிறது:

```python
from datetime import time

LIMIT = 2000

def can_enter(now, day_pnl, open_risk, new_risk):
    if now >= time(11, 0):
        return False
    worst = day_pnl - open_risk - new_risk
    return worst >= -LIMIT
```

இங்கே `day_pnl` என்பது இதுவரை முடிந்த லாப நட்டம், செலவு கழித்து. `open_risk` என்பது இப்போது திறந்திருக்கும் நிலைகள் எல்லாம் ஸ்டாப்பில் முடிந்தால் போகக்கூடிய தொகை. `new_risk` என்பது போட நினைக்கும் புதிய வியாபாரம், செலவும் வழுவலும் சேர்த்து. மூன்றும் மிக மோசமாகப் போனாலும் எல்லைக்குள் நிற்குமா என்பதுதான் கேள்வி. திறந்திருக்கும் நிலைகளைக் கணக்கில் எடுப்பது முக்கியம். மூன்று பங்குகளில் ஒரே காலையில் உள்ளே போய்விட்டு, இன்னும் நட்டம் எதுவும் இல்லை என்று இருந்தால், சந்தை மொத்தமாகத் திரும்பும்போது மூன்று ஸ்டாப்பும் ஒன்றாக அடிபடும்.

உதாரணத்துக்குத் திரும்புவோம். 1,140 போனபின் மீதி இடம் 860. இரண்டாவது பங்கின் வீச்சு 1,192 முதல் 1,200வரை, 8 ரூபாய். கட்டணத்துக்கும் வழுவலுக்கும் 160 ஒதுக்கினால் மிஞ்சுவது 700. அதை 8ஆல் வகுத்தால் 87 பங்கு. வழமைபோல 1,000க்குக் கணக்குப் போட்டிருந்தால் 125 பங்கு வாங்கியிருப்பார். அந்த அளவு எல்லைக்குள் வராது. 87 பங்கோடு மோசமான முடிவு ஏறத்தாழ 850, அது வரும்.

10.12க்கு 1,200.40இல் வாங்குகிறார். 45 நிமிடம் கழித்து 10.57. அதற்குள் விலை 1,204.40ஐ ஒரு தடவையாவது தொட்டிருக்கவேண்டும். தொடவில்லை. 1,198க்கும் 1,202க்கும் இடையில் ஆடிக்கொண்டிருக்கிறது. நேர விதிப்படி 1,201.30இல் வெளியேறுகிறார். ஒரு பங்குக்கு 90 பைசாப்படி 78 ரூபாய் வரவு, கட்டணம் 84. நிகரம் 6 ரூபாய் நட்டம். நாளின் மொத்தம் 1,146. மூன்று நிமிடத்தில் 11 மணி. அன்றைய வேலை முடிந்தது.

இந்த இரண்டாவது வியாபாரம் பார்வைக்கு ஒன்றுமேயில்லை. ஆனால் நேர விதியின் பயனே அதில்தான் இருக்கிறது. அதை வைத்திருந்திருந்தால் பிற்பகலில் ஏறியும் இருக்கலாம், 850 போயும் இருக்கலாம். காரணம் இல்லாத ஒரு நிலையில் 850 ரூபாயைப் பணயமாக வைத்திருப்பதற்கு நமக்கு எந்தக் கூலியும் கிடைப்பதில்லை.

இன்னொரு நாள், அதே முதல் பங்கு அதே விலைகளில் என்று வைத்துக்கொள்வோம். 504.10இல் வாங்கிய 250 பங்கு, 20 நிமிடத்தில் 506.10ஐத் தாண்டி, மெல்ல ஏறி, 3.10க்கு 512.60. ஒரு பங்குக்கு 8.50 வீதம் 2,125, கட்டணம் 92, கையில் 2,033. முந்தைய நாளின் 1,146ஐக் கழித்தால் 887 மிச்சம். இரண்டு நாளும் மூன்று வியாபாரமும் சேர்ந்து முறையின் சுருக்கம் இதுதான். ஒன்று முழு நட்டம், ஒன்று சுழி, ஒன்று மாலைவரை ஓடியது.

கொழும்பில் இதையே செய்தால்

இப்போது எங்கள் சந்தை. கொழும்புப் பங்குச் சந்தையில் வழக்கமான வியாபாரம் 9.30 முதல் 2.30வரை. அதற்கு முன் அங்கும் ஏலம் உண்டு. அப்படியானால் 9.30 முதல் 9.45வரை வீச்சைக் குறித்து, அதே விதிகளைப் போடலாமே என்று தோன்றும்.

வழக்கமான வியாபாரச் செலவு, வாங்குவதற்கு 1.12 வீதம், விற்பதற்கு 1.12 வீதம். இதில் தரகு, சந்தைக் கட்டணம், ஆணைக்குழுவின் கட்டணம், 0.30 வீதப் பங்குப் பரிவர்த்தனை வரி எல்லாம் அடக்கம். ஒரே நாளில் வாங்கி விற்பதற்கு என்ன சலுகை கிடைத்தாலும், போய்வரும் செலவு ஒரு வீதத்துக்குக் கீழே இறங்காது என்று வைப்போம். இந்திய உதாரணத்தில் 1,26,000 ரூபாய் வியாபாரத்துக்கு 90 ரூபாய். அது 0.07 சதவீதம். பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம்.

அடுத்தது விலைப் படி. ஜோன் கீல்ஸ் பங்கை எடுத்துக்கொள்வோம், எங்கள் சந்தையில் அதிகம் கைமாறும் பங்குகளில் ஒன்று. 2024இல் ஒரு பங்கைப் பத்தாகப் பிரித்த பிறகு அதன் விலை 20 ரூபாய் அளவுக்கு வந்துவிட்டது. விலை நகரும் மிகச் சிறிய படி 10 சதம். 22 ரூபாயில் ஒரு படி என்றால் ஏறத்தாழ அரை வீதம். வாங்க நிற்பவரின் விலைக்கும் விற்க நிற்பவரின் விலைக்கும் இடையே குறைந்தது இந்த ஒரு படி இருக்கும்.

மிகவும் பரபரப்பான ஒரு காலையில் வீச்சு 21.80 முதல் 22.20வரை என்று வைப்போம். 40 சதம், நாலு படி. ஸ்டாப்பில் தோற்றால் 40 சதம் நட்டம், போய்வரும் செலவு குறைந்தது 22 சதம், விலை இடைவெளிக்கு 10 சதம், ஆக 72 சதம். வென்று வீச்சின் இரண்டு மடங்கு, 80 சதம், ஓடினால் செலவும் இடைவெளியும் போக 48 சதம் கைக்கு வரும். 72ஐ இழந்து 48ஐ வெல்லும் விளையாட்டில், கைக்காசு போகாமலிருக்க நூற்றுக்கு 60 தடவை வெல்லவேண்டும்.

அதே கணக்கை இந்திய உதாரணத்துக்குப் போடுங்கள். தோற்றால் 1,140. வீச்சின் இரண்டு மடங்கு ஓடினால் 2,000 வரவு, கட்டணமும் வழுவலும் 140 போக 1,860. நூற்றுக்கு 38 தடவை வென்றால் போதும். செலவே இல்லாத உலகத்தில் இந்த எண் 33. ஒரே முறை, ஒரே விதிகள். ஓரிடத்தில் 38 தேவை, இன்னோரிடத்தில் 60. வீச்சு மிகச் சிறியதானால் நண்பர் விட்டுவிடுவதும் இதனால்தான்: செலவு அதில் பெரும் பங்கைத் தின்றுவிடும். உடைப்பு முறைகள் எங்கேயும் நூற்றுக்கு 60 வெல்வதற்காக அமைந்தவை அல்ல. அடிக்கடி தோற்று, எப்போதாவது பெரிதாக வெல்வதுதான் அவற்றின் இயல்பு.

இன்னொன்றும் உண்டு. கையில் இல்லாத பங்கை விற்றுப் பிறகு வாங்கி அடைக்கும் வழி கொழும்பில் சாதாரண முதலீட்டாளனுக்கு நடைமுறையில் இல்லை. ஆகவே முறையின் பாதி, அதாவது கீழ்ப்பக்க உடைப்பு, இயல்பாகவே போய்விடுகிறது. ஆகவே என்னிடம் கேட்கும் தம்பிமார்களுக்கு என் பதில் தெளிவானது. கொழும்பில் பங்கு வாங்குங்கள், நிறுவனத்தின் கணக்கைப் படித்து மாதக்கணக்கில் வைத்திருங்கள். தொடக்க வீச்சை வைத்து ஒரு நாளுக்குள் முடிக்கும் வியாபாரத்துக்கு அந்தச் செலவு இடம்தராது.

சிலர் இதைக் கேட்டதும் கைப்பேசிச் செயலிகளில் தங்கத்துக்குப் போகிறார்கள். அங்கே செலவு குறைவு என்று காட்டுவார்கள். ஆனால் தங்கம் ஏறத்தாழ 24 மணிநேரமும் ஓடுகிறது. ஏலம் நடந்து திறக்கும் வேளை என்று ஒன்று அதற்கு இல்லை. எந்த 15 நிமிடத்தை வீச்சு என்று எடுப்பது என்பதே நம் விருப்பமாகிவிடும். முறையின் காரணம் அங்கே தளர்ந்துபோகிறது. அதோடு, இப்படிப்பட்ட வெளிநாட்டு நாணய வர்த்தகத் தளங்களுக்கு வங்கி அட்டைகளால் பணம் அனுப்ப அனுமதி இல்லை என்று இலங்கை மத்திய வங்கி எச்சரித்திருக்கிறது. பணம் திரும்பி வராவிட்டால் முறையிட இடமில்லை.

விதிகள் கைவிடும் இடங்கள்

நேர விதிக்கு ஒரு பலவீனம் உண்டு. அந்த நேரத்தில் சந்தை இருக்கவேண்டும். 2021 பெப்ரவரி 24ஆம் திகதி, தொழில்நுட்பக் கோளாறால் தேசியப் பங்குச் சந்தை காலை 11.40க்கு நின்றுவிட்டது. மாலை 3.45க்குத்தான் திரும்பியது, அன்று 5 மணிவரை நேரம் நீட்டப்பட்டது. 3.10க்கு வெளியேறும் விதி வைத்திருந்தவருக்கு அன்று 3.10க்குச் சந்தையே இல்லை. ஸ்டாப்பும் வேலை செய்யாது, நட்ட எல்லையும் வேலை செய்யாது. இப்படி ஒரு நாளில் உங்களைக் காப்பாற்றுவது ஒன்றே ஒன்று: நீங்கள் வாங்கிய அளவு. இரவல் வசதியைப் பயன்படுத்தி முதலின் ஐந்து மடங்குக்கு வாங்கியிருந்தால் அந்தச் சில மணிநேரம் உங்கள் கையில் இல்லை. நண்பர் எந்த நேரத்திலும் தன் முதலுக்கு மேல் நிலை எடுப்பதில்லை. அதன் காரணம் இந்த நாள்தான்.

நட்ட எல்லையின் பலவீனம் மனிதன். எல்லையை எழுதிவைப்பவனும் அதை மீறக்கூடியவனும் ஒரே ஆள். காலை 10 மணிக்கு 2,000 போனவனுக்கு 10.05க்கு வரும் உடைப்பு மிக அழகாகத் தெரியும். அதனால் எல்லை வந்ததும் மூன்று காரியம் வரிசையாகச் செய்யவேண்டும். திறந்திருக்கும் நிலைகளை மூடவேண்டும். காத்திருக்கும் கட்டளைகளை நீக்கவேண்டும், ஏனென்றால் மறந்துபோன ஒரு கட்டளை நீங்கள் தேநீர் குடிக்கும்போது நிறைவேறிவிடும். பிறகு சில தரகர்களின் செயலியில் இருக்கும் `Kill Switch` வசதியால் அன்றைக்குக் கணக்கைப் பூட்டிவிடவேண்டும். இந்த வரிசையை மாற்றக்கூடாது. நிலை திறந்திருக்கும்போது பூட்டுவது பயனற்றது.

எல்லையை எவ்வளவு வைப்பது? மிகச் சிறிதாக வைத்தால் முதல் நட்டத்திலேயே நாள் முடிந்துவிடும், பிறகு வரும் ஓடும் நாள் தப்பிவிடும். மிகப் பெரிதாக வைத்தால் அது எல்லையே இல்லை. ஒரு வியாபாரத்தின் திட்டமிட்ட நட்டத்தைப்போல இரண்டு மடங்கு என்பது நண்பரின் அளவு. தொடர்ந்து ஐந்து நாள் முழு எல்லையும் போனாலும் முதலில் ஐந்து சதவீதத்துக்குள் நிற்கும்.

முறை வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்

பதிவேட்டில் ஒவ்வொரு வியாபாரத்துக்கும் வெளியேறிய காரணத்தை எழுதவேண்டும்: ஸ்டாப், 45 நிமிடம், 3.10. கொஞ்சக் காலம் போனபின் மூன்றையும் தனித்தனியே கூட்டிப் பாருங்கள். சரியாக ஓடும் முறையில் நட்டம் முழுக்க ஸ்டாப்பில் இருக்கும், 45 நிமிடக் குழு சுழிக்கு அருகில் நிற்கும், லாபம் முழுக்க 3.10 குழுவில் இருக்கும். 45 நிமிடத்தில் வெளியேறியவை பின்னர் எங்கே போயின என்றும் குறித்துவையுங்கள். அவற்றில் பல மாலைவரை நல்ல லாபம் தந்திருக்குமானால் 45 நிமிடம் அந்தப் பங்குக்குக் குறைவு. 3.10 குழுவின் லாபம் மற்ற இரண்டையும் தாங்காவிட்டால், கடிகாரத்தை மாற்றிப் பயனில்லை, உடைப்பிலேயே பொருள் இல்லை.

பழைய விலைகளை வைத்துச் சோதிக்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது. ஒரே ஐந்து நிமிடக் கட்டையில் நுழைவு விலையும் ஸ்டாப் விலையும் இரண்டும் தொடப்பட்டிருந்தால், எது முதலில் என்று அந்தத் தரவு சொல்லாது. அதை நட்டம் என்றே எழுதுங்கள். வீச்சின் உச்சத்திலேயே வாங்கியதாக எழுதாமல் ஒரு படி கூட்டி எழுதுங்கள். இந்த இரண்டு மாற்றத்திலேயே பல அழகான வரைபடங்கள் தட்டையாகிவிடும். பிறகு 15 நிமிடத்துக்குப் பதில் 10, 20, 30 நிமிடம் வைத்துப் பாருங்கள். எல்லாமே ஓரளவு ஒத்த பலன் தந்தால் அதில் ஏதோ இருக்கிறது. 15 மட்டும் லாபம், 10உம் 20உம் நட்டம் என்றால் அந்த லாபம் தற்செயல்.

இந்தியச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபி 2024 ஜூலையில் வெளியிட்ட ஆய்வில், 2022-23 நிதியாண்டில் பங்குகளை ஒரே நாளில் வாங்கி விற்ற தனிநபர்களில் பத்தில் ஏழு பேருக்கு நட்டம். ஆண்டுக்கு 500 தடவைக்கு மேல் வியாபாரம் செய்தவர்களில் நூற்றுக்கு 80 பேருக்கு நட்டம். செலவு மிகக் குறைவான சந்தையிலேயே இந்த நிலை. கூடுதலாகச் செய்தவர்களில் கூடுதலானோர் இழந்திருக்கிறார்கள். 11 மணிக்குப் பிறகு நுழையாமல் இருப்பதும், எல்லை வந்ததும் பூட்டுவதும் வியாபாரத்தின் எண்ணிக்கையைக் குறைக்கின்றன. இந்த விதிகளின் பெரிய பயன் அதுவாகவே இருக்கலாம்.

ஆகவே தம்பிமாரே, அடுத்த தடவை யாராவது உடைப்பு முறை ஒன்றைக் காட்டினால் மூன்று எண் கேளுங்கள். காலை வீச்சு எத்தனை வீதம், போய்வரும் செலவு எத்தனை வீதம், இரண்டையும் வைத்துப் பார்த்தால் நூற்றுக்கு எத்தனை தடவை வெல்லவேண்டும். செலவு வீச்சில் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் மட்டும் மேலே பேசுங்கள். அதற்கு மேலானால், காசை வங்கியிலேயே விட்டுவிட்டு ஒரு கொப்பியில் எழுதிப் பழகுங்கள். கொப்பியில் தோற்கும் முறை சந்தையில் வெல்லாது.